அப்பாவுக்கான காலைப் பிரார்த்தனை

(காலை 6 மணி. இன்று அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். அம்மா, அக்கா, நான் பினாங்கில் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி. மிஸ்ஸி பத்து நிமிஷம் தந்திருக்கிறார். அத்தையும் அத்தானும் பிள்ளைகளும் பாடாங் செராய் வீட்டுச் சாமி மேடையில் விளக்கேற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டு. யாருக்காவது குரல் உடைந்தால் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் அந்த அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா எதையும் படிக்க வேண்டாம். கடைசியில் அவருக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது.)

அக்கா:
தோட்டத்து மாரியம்மா,
லயங்களை இடித்துவிட்டார்கள், உன் வேப்பமரம் நிற்கிறது.
செம்பனைக்கு நடுவே தனியாய் இருக்கிறாய்,
எங்களை மறந்துபோனவர்கள் என்று நினைக்காதே.
எல்லையில் நிற்கிற முனியாண்டி ஐயா,
உனக்குச் சுருட்டு பற்றவைத்த கையில்
இன்று ஊசி ஏறியிருக்கிறது.
குதிரையிலோ நடந்தோ, பாலம் தாண்டி வந்துவிடு.
தண்ணீர்மலை முருகா,
513 படியும் பால்காவடியோடு ஏறியவர்
இந்தத் தைப்பூசத்தில் பாதியில் உட்கார்ந்தார்.
வெயில்தான் என்றார்.
வெயில் இல்லை, மூன்று இடத்தில் அடைப்பு.
உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தவன் நீ.
ஏறாத படியெல்லாம் அவர் கணக்கில் இருக்கட்டும்.

எல்லாரும்:
காயம் படாமல் வெட்டட்டும், தாயே.

நான்:
நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி,
இடுப்பில் கொசுவர்த்தி புகையப் புகைய
ரப்பர் மரத்தில் பால் வெட்ட நிரை நிரையாய் நடந்தவர் எங்கள் அப்பா.
குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் ஓடும்.
பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது.
இடையில் இருப்பது ஒரு நூல் கனம்.
கத்தி அதைத் தாண்டினால்
மரம் முண்டும் முடிச்சுமாய் வீங்கும்,
கங்காணி வாயில் நம் பாட்டன்வரைக்கும் வந்துபோவார்கள்.
31 வருஷம் அந்த நூலைத் தாண்டாத கை இது.
இன்று மரம் அவர், கத்தி இன்னொருவர் கையில்.
அப்பா கைக்குத் தெரிந்ததை
டாக்டர் கைக்கும் கொடு.

எல்லாரும்:
காயம் படாமல் வெட்டட்டும், தாயே.

அத்தை:
காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து
நெஞ்சில் வைத்துத் தைப்பார்களாம்.
இருதயத்தை நிறுத்திவைப்பார்களாம்.
மெஷின் மூச்சுவிடுமாம், மெஷின் ரத்தம் ஓட்டுமாம்.
எனக்கு விளங்கவில்லை தாயே, உனக்கு விளங்கும்.
அந்த நேரம் என் தம்பி எங்கே இருப்பான்?
உன் மடியில் வைத்துக்கொள்.
நாலைந்து மணி நேரம்தான்,
பிள்ளை அழகாய் இருக்கிறான் என்று தூக்கிக்கொண்டு போய்விடாதே.
நிறுத்திய துடிப்பை நீயே தொட்டுக் கிளப்பு.

எல்லாரும்:
காயம் படாமல் வெட்டட்டும், தாயே.

அத்தான்:
டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், மிஸ்ஸிமார்,
கட்டில் தள்ளுகிறவர், ரத்தம் கொடுத்த முகம் தெரியாத மனிதர்,
யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும்
அந்தச் சாமிக்கும் இன்று நம் வீட்டில் விளக்கு.
அவர்கள் ராத்திரி நன்றாய்த் தூங்கியிருக்கட்டும்.
வீட்டில் சண்டை போடாமல்
பசியாறிவிட்டு வந்திருக்கட்டும்.

அம்மா:
கோபக்காரர்தான் சாமி.
தேத்தண்ணியில் சீனி வேண்டாமென்றால் கேட்கமாட்டார்.
42 வருஷமாய்ச் சொல்லி வாய் வலிக்கிறது.
இன்னும் சொல்லணும்.
திருப்பிக் கொடு.

எல்லாரும்:
காயம் படாமல் வெட்டட்டும், தாயே.
வெட்டின இடத்தில் புதுப்பட்டை கட்டட்டும், தாயே.

நான்:
அப்பா, கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும்.
பேச்சு வராது. பயப்படாதீங்க,
கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.
பெரட்டில் பேர் கூப்பிட்டதும்
இருட்டுக்குள்ளிருந்து "இருக்கேன்" என்பீர்களே,
அதற்குப் பதில் ஒரு விரல் போதும்.
இப்போதே ஒருதரம் பழகிக்கொள்வோம்.

அம்மா:
என்னங்க.

அக்காவும் நானும்:
அப்பா.

அத்தை:
தம்பி.

அத்தான்:
மாமா.

பிள்ளைகள்:
தாத்தா.

(அப்பா விரலைத் தூக்குவார். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, "தூக்கிட்டார்" என்று நான் சொல்கிறேன். அதற்கப்புறம் போனை வைக்கலாம்.)