சந்தாவை ரத்து செய்த பிறகும் பிடிக்கப்பட்ட ரூ.5,310, லாக்கர் முன்பணம் ரூ.500 ஆகியவற்றைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
க. தமிழரசி,
கொருக்குப்பேட்டை,
சென்னை 600021.

பெறுநர்:
கிளை மேலாளர்,
உடற்பயிற்சிக் கூடம், தண்டையார்பேட்டை கிளை,
திருவொற்றியூர் நெடுஞ்சாலை,
சென்னை 600081.

நாள்: 10.12.2025
உறுப்பினர் எண்: 2217

ஐயா,

இந்த விஷயமாக நான் உங்கள் கிளைக்கு மூன்று முறை நேரில் வந்துவிட்டேன், ஐந்து முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார், நானும் முதலிலிருந்து சொன்னேன். இனி அப்படிச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தலைமை அலுவலகத்துக்கும் இதன் நகல் போகிறது.

2025 ஜனவரி 5 அன்று உங்கள் கிளையில் சேர்ந்தேன். மாதக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். மாதாமாதம் வந்து கட்டுகிறேன் என்றேன். இப்போது எல்லாருக்கும் ஆட்டோபேதான் என்று சொல்லி, என் போனிலேயே யுபிஐ ஆட்டோபே போட்டுத் தந்தார்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி பணம் பிடிக்கும், உச்சவரம்பு 2,000 ரூபாய். கட்டணம் 1,180 என்றால் வரம்பு ஏன் 2,000 என்று அன்றைக்கே கேட்டேன். "அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம்" என்றார்கள். அந்த ஃபார்மாலிட்டி எதற்கு என்பது அக்டோபரில்தான் தெரிந்தது.

ஆறு மாதம் ஒழுங்காக வந்தேன். காலை ஆறு மணிக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகக் காத்திருந்து வந்தவள் நான். ஜூலையில் முழங்கால் வலி அதிகமானதால் டிரெட்மில்லை விடச் சொன்னார் டாக்டர். காரணம் கேட்டார்கள் என்பதால் சொல்கிறேனே தவிர, காரணம் சொன்னால்தான் விலக முடியும் என்று உங்கள் படிவத்தில் எங்கும் இல்லை.

படிவத்தின் 11ஆவது விதி, அடுத்த கட்டணத் தேதிக்கு 15 நாள் முன்பாக எழுத்தில் சொன்னால் சந்தாவை ரத்து செய்யலாம் என்கிறது. ஜூலை 12, சனிக்கிழமை காலை நேரில் வந்து கடிதம் கொடுத்தேன். அடுத்த கட்டணம் ஆகஸ்ட் 5. நடுவில் 24 நாள் இருந்தது. அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது உங்கள் ஆட்கள் "ரெக்வஸ்டே வரலை" என்கிறார்கள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் என் கடிதத்தை வாங்கினார். நான் கேட்டதும் நகலில் கிளை முத்திரை வைத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தந்தார். உறுப்பினர் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் "விலகல் 12/7" என்று எழுதினார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். லாக்கர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முன்பணம் 500 ரூபாயைப் பிறகு கணக்கில் போடுவோம் என்றார். கடைசியாக வாசலில் இருக்கும் கைரேகை மெஷினிலிருந்து என் ரேகையை எடுத்துவிட்டு, எடுபட்டதா என்று பார்க்க என்னையே விரலை வைக்கச் சொன்னார். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகவே செய்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதாவது, ஜூலை 12க்குப் பிறகு உங்கள் கதவு எனக்குத் திறக்காது. திறக்காத கதவுக்கு நான்கு மாதம் வாடகை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் 4 அன்று, மறுநாள் 1,180 பிடிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக இப்படிச் சொல்ல வேண்டும் என்பது ஆட்டோபே விதி. உடனே போன் செய்தேன். சிஸ்டத்தில் அப்டேட் ஆகவில்லை, பிடித்தாலும் ரிவர்ஸ் ஆகிவிடும் என்றார்கள். 5ஆம் தேதி பணம் போனது. 9ஆம் தேதி நேரில் வந்தேன். "ஆட்டோபேயை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க மேடம், பண்ணினா ரிவர்ஸ் வராது" என்றார்கள். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறவள். அப்படியிருந்தும் இதை நம்பினேன் என்பதில் எனக்கே வெட்கம்தான். ஆட்டோபேயை ரத்து செய்வதற்கும் பணத்தைத் திருப்பி அனுப்புவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திருப்பித் தர மனமிருந்தால் என் யுபிஐ முகவரிக்கே அனுப்பியிருக்கலாம்.

செப்டம்பர் 5 அன்று மறுபடி 1,180. அக்டோபர் 5 அன்று 1,770. கேட்டதற்கு, கூடுதல் 590 ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று பதில் வந்தது. சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, விலகியே மூன்று மாதம் ஆகப்போகிறது, இதில் யாரைப் பராமரித்தீர்கள்? 2,000 ரூபாய் வரம்பு இல்லாமல் 1,180 என்றே போட்டிருந்தால் இந்த 590ஐ எடுத்திருக்க முடியாது. நவம்பர் 5 அன்று இன்னொரு 1,180. மறுநாள் நானே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று. கணக்குப் பார்க்கிற கண்ணுக்குத் தப்பவில்லை. ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய அக்டோபர், நவம்பர் பில்களில் இன்னும் 18 சதவீதம் என்றே இருக்கிறது. வாங்கவே கூடாத பணத்துக்குப் பழைய விகிதத்தில் வரியும் வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு எனக்கு விளக்கம் வேண்டாம், முழுத் தொகையும் திரும்பி வந்தால் போதும். ஆனால் அந்த வரி எங்கே போனது என்று வேறு யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்கட்டும்.

நான்கு முறை பிடித்தது மொத்தம் 5,310 ரூபாய். லாக்கர் முன்பணம் 500. ஆக எனக்கு வர வேண்டியது 5,810 ரூபாய்.

உங்கள் தரப்பில் இதுவரை சொன்ன பதில்களையும் பார்த்துவிடுகிறேன். 9ஆவது விதிப்படி எந்த நிலையிலும் பணம் திருப்பித் தரப்படாது என்கிறீர்கள். உறுப்பினராக இருந்த காலத்தில் கட்டியதைக் கேட்டால் அந்த விதியைக் காட்டுங்கள். ஜூலை மாதத்தில் மீதியிருந்த நாட்களுக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. விலகிய பிறகு என் கணக்கிலிருந்து எடுத்தது கட்டணமே அல்ல, அதற்கு 9ஆவது விதி பொருந்தாது. அப்படியே பொருந்தும் என்று வாதாடினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்வதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ரத்து செய்வதைச் செயலி வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று அக்டோபரில் ஒருவர் புதிதாகச் சொன்னார். உங்கள் செயலியில் சேர இரண்டு பொத்தான், விலக ஒரு பொத்தானும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். சேர்வதைச் சுலபமாக்கிவிட்டு விலகுவதைச் சிக்கலாக்குவதற்குச் சந்தாப் பொறி என்று பெயர். நுகர்வோரை ஏமாற்றும் இப்படிப்பட்ட வடிவமைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. அதில் இதுவும் ஒன்று.

பணத்துக்குப் பதிலாக ஐந்து மாதம் இலவசமாக வந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். வேண்டாம். முழங்கால் வலிக்கிறது என்று விலகியவளுக்கு டிரெட்மில்லை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்?

அப்புறம் டிசம்பர் 7 அன்று வந்த வாட்ஸ்அப் செய்தி. டிசம்பர் மாத பாக்கி 1,180, தாமதக் கட்டணம் 200, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் பாதிக்கும் என்று அதில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்ததே அந்தச் செய்திதான். நான் உங்களிடம் கடன் வாங்கவில்லை. ஜிம் சந்தா வங்கிக் கடனும் அல்ல. தர வேண்டியவர் நீங்களாக இருக்கும்போது என்னை மிரட்டுவது முறையல்ல. அந்தப் பாக்கியைக் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கிவிட்டோம் என்று எழுத்தில் தாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 5,810 ரூபாய் முழுவதும் பணம் பிடித்த அதே வங்கிக் கணக்குக்கு 2025 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். கூப்பனாகவோ, வேறு கிளையில் சேர்க்கையாகவோ, தவணையாகவோ வேண்டாம். ஜூலை 12 அன்று சந்தா முடிந்தது என்று ஒரு கடிதம் வேண்டும். என் கைரேகையும் ஆதார் நகலும் உங்களிடம் இனி இருக்கத் தேவையில்லை. வாசல் மெஷினில் எடுத்ததைப் போலத் தலைமை அலுவலகக் கணினியிலிருந்தும் எடுத்துவிட்டு அதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்வேன். அதற்கும் பதில் இல்லையென்றால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிரிவு 35இன்படி மனு போடுவேன். தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது, அங்கேதான் வழக்கு போட வேண்டும் என்று உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாரிமுனையில் வேலை பார்க்கிற எனக்கு ஒரு நாள் அரை லீவு போட்டால் போதும். அங்கே போனால் 5,810இல் நிற்க மாட்டேன். வட்டி, அலைச்சல், மிரட்டல் செய்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்பேன்.

முத்திரையிட்ட ரத்துக் கடிதத்தின் நகல், பதிவேட்டுப் பக்கத்தின் படம், லாக்கர் முன்பண ரசீது, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான வங்கி ஸ்டேட்மென்ட், ஆட்டோபே ரத்தானதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், டிசம்பர் 7 வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் வருகிறது. இதன் பிரதியை உங்கள் கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பியிருக்கிறேன். பதிலை எழுத்தில் மட்டும் தாருங்கள். இனி இது பற்றிப் போனில் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
க. தமிழரசி
(உறுப்பினர் எண் 2217, 12.07.2025 முதல் உறுப்பினர் அல்ல)