பெல்ஜியம், ரெமி சைடிங் போர் மருத்துவ நிலையம்: ஒரு நர்ஸின் நாட்குறிப்பு, 1917

30 ஜூலை, திங்கள்

கட்டுத்துணி மடித்து மடித்து விரல் நுனி மரத்துவிட்டது. சாயங்காலம் மேட்ரன் எல்லாக் கூடாரங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்றிரவு தூங்குங்கள். பிறகு எப்போது தூங்குவோம் என்று தெரியாது" என்றார். படுக்கைகள் காலியாக, விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஹாப் தோட்டத்துக் கழிகளில் கொடி தலைக்கு மேலே ஏறி நிற்கிறது. போப்பரிங்கே சாலையில் துருப்புகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நேற்று வரை பாடிக்கொண்டு போனார்கள். இன்று பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

31 ஜூலை, செவ்வாய்

அதிகாலை 3.50க்குப் பீரங்கிகள் ஒன்றாகத் தொடங்கின. எட்டு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிறோம். இருந்தாலும் மேசைமேல் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் நடுங்கியது. காலையிலேயே ஆம்புலன்ஸ் வண்டிகள் வந்துவிட்டன. பிற்பகலில் மழை பிடித்தது.

2 ஆகஸ்ட், வியாழன்

மழை விடவில்லை. இரண்டு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம். முகம், தலைமுடி, காக்கி எல்லாம் சாம்பல் நிறச் சேறு. சட்டையைக் கத்தரித்த பிறகுதான் காயம் எங்கே என்று தெரிகிறது. முன்னணியில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு பேர் போதாமல் ஆறு பேர், எட்டுப் பேர் வரை தேவைப்படுகிறார்களாம். முழங்கால் வரை புதைந்து, காலைப் பிடுங்கி அடுத்த அடி வைக்க வேண்டும். இன்று காலை வந்த ஒருவன் குண்டுக்குழியில் ஒன்றரை நாள் கிடந்திருக்கிறான். பூட்ஸை அறுத்தபோது காலுறையோடு தோலும் சேர்ந்து வந்தது. அவன் கத்தவில்லை. "மன்னியுங்கள் சிஸ்டர், நாற்றம் அடிக்கும்" என்றான். அதைக் கேட்டதும் வெளியே போய் ஒரு நிமிடம் மழையில் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த மண்தான் நமக்கு எதிரி. தலைமுறை தலைமுறையாக எருப் போட்ட வயல். குண்டுச் சில்லோடு அந்த மண்ணும் சட்டைத் துணியும் சதைக்குள் போய்விடுகின்றன. ஒரு நாள் தாமதித்தால் போதும், தோலை அழுத்தும்போது உள்ளே காற்று நொறுநொறுவென்று நகர்கிறது. வாடை வந்துவிட்டால் சர்ஜனுக்குக் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தனுர்வாத ஊசி போட்டவர்கள் நெற்றியில் மைப்பென்சிலால் ஓர் எழுத்து எழுதி அனுப்புகிறார்கள். முகம் துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கப் பழகிவிட்டேன்.

4 ஆகஸ்ட், சனி

தொடை எலும்பு முறிந்தவர்களுக்கான கூடாரத்திலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். அங்கே வேலை பிடித்திருந்தது. தாமஸ் இரும்புச் சட்டகத்தில் காலை இழுத்துக் கட்டி அனுப்புவதால் பிழைக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போர் தொடங்கிய காலத்தில் இதே முறிவுக்குப் பத்தில் எட்டுப் பேர் போய்விடுவார்கள், இப்போது இரண்டு பேர்தான் என்கிறார் சர்ஜன். புண்ணுக்குள் ரப்பர் குழாய்களைச் செருகி, இரண்டு மணிக்கொரு முறை டேக்கின் கரைசலை விட வேண்டும். கூடாரம் முழுக்கச் சலவைத்தூள் வாடை. ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிடும். ஆனால் புண் நாளுக்கு நாள் சிவந்து சுத்தமாவது கண்ணுக்குத் தெரியும்.

இனி எனக்குக் கடைசிக் கூடாரம். அறுவைக்குத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்படுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். மார்பியா, தண்ணீர், கம்பளி, சுடுநீர்ப் புட்டி. அவ்வளவுதான் மருத்துவம். பதினெட்டுப் படுக்கை. மேட்ரன் என் தோளில் கை வைத்து, "உன்னால் முடியும் என்றுதான் அனுப்புகிறேன்" என்றார். முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

5 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றிரவு ஏழு பேர். ஏழு வீடுகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இதுவரை எல்லோரையும் போலவே எழுதி வந்தேன். வலி தெரியாமல் அமைதியாகப் போனார், வீரமாக இருந்தார், நல்ல இடத்தில் அடக்கம் செய்தோம். நேற்று அப்படி எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அமைதியாகப் போனவர்கள் சிலர்தான். இந்த ஒரு தாள்தான் அந்த அம்மாவிடம் ஆயுள் முழுக்க இருக்கப் போகிறது. அதில் ஊருக்கெல்லாம் எழுதும் வாசகம் மட்டும் இருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு அழுவார்?

அதனால் ஒன்று தீர்மானித்தேன். வலியைப் பற்றி எழுத வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அவன் சொன்னதோ கேட்டதோ, உண்மையான செய்தி ஒன்றாவது இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கேட்டான், இரண்டு முறை குடித்தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொன்னான். வீட்டில் வளர்க்கும் புறாக்கள் கூட்டுக்குத் திரும்பினவா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதிகாலை இரண்டு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஏழையும் முடித்தேன். கண் எரிந்தது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கத்திலுள்ள கனடாக்காரர்கள் நிலையத்தில், லேசாகக் காயப்பட்டவனின் கையிலிருந்து ஊசிக்குழாயால் இரத்தம் எடுத்துச் சாகக் கிடப்பவனுக்கு ஏற்றுகிறார்கள். நம் சர்ஜனும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இன்று என் கூடாரத்தில் ஐந்தாம் படுக்கைக்குச் செய்து பார்த்தார். சுண்ணாம்பு போலிருந்த உதடு பத்து நிமிடத்தில் நிறம் மாறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த என் விரலடியில் நாடி திரும்பி வந்தது. அவனை அறுவைக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கிருந்து ஒருவன் அந்தப் பக்கம் போவது இதுவே முதல் முறை. மேட்ரனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

18 ஆகஸ்ட், சனி

நேற்றும் முந்தாநாளும் லாங்கமார்க் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எழுதத் தெம்பு இல்லை.

22 ஆகஸ்ட், புதன்

நேற்று பிராண்ட்ஹூக்கில் மருத்துவ நிலையத்தின்மேல் குண்டு விழுந்து நெல்லி ஸ்பிண்ட்லர் என்ற நர்ஸ் இறந்துவிட்டார். 26 வயது. லீட்ஸில் பயிற்சி பெற்றவராம். இன்று இங்கே லைசந்தோக் இடுகாட்டில் முழு இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஓய்வு கிடைத்த நர்ஸ்கள் எல்லோரும் போனோம். சுற்றிலும் ஆண்களின் சிலுவைகள். எக்காளம் ஊதியபோது எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு யார் எழுதுவார்கள், என்ன எழுதுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது எட்டாம் படுக்கைக்காரன், "சிஸ்டர், உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

9 செப்டம்பர், ஞாயிறு

மழை ஓய்ந்துவிட்டது. ஹாப் கொடிகளை அறுத்துக் கீழே இறக்குகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து காய் பறிக்கிறார்கள். கசப்பு வாசனை இங்கே வரை வருகிறது.

தபாலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் 4 இரவு இறந்தவர்களில் ஒருவனின் அம்மா. கோடு போட்ட தாளில் கவனமாக எழுதியிருக்கிறார். நன்றி சொல்கிறார். பிறகு இப்படி எழுதுகிறார்:

"புறாக்களைக் கேட்டான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் புறா வளர்த்ததே இல்லை அம்மா. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பறவை என்றால் பயம். அதனால், அது என் மகனாக இருக்காது என்று நினைக்கிறேன். வேறு யாராவது ஒரு பையனாக இருக்கலாம். என் மகனுக்கு இடது மணிக்கட்டின் உட்புறம் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உண்டு. நீங்கள் பார்த்த பையனுக்கு அது இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்."

படித்துவிட்டுக் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைய குறிப்பைத் தேடி எடுத்தேன். புறா நாலாம் படுக்கை. கடிகாரம் ஆறாம் படுக்கை. இவன் ஆறு. ஏழு கடிதங்களில் இரண்டை மாற்றி எழுதிவிட்டேன். தூக்கக் கலக்கம் என்று காரணம் சொல்லலாம். ஒரு தாய் ஒரு மாதமாக மகன் உயிரோடிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கு அந்தக் காரணம் போதாது. இன்னொரு வீட்டில் ஓர் அம்மா, தன் பிள்ளை எந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொன்னான் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அடையாள வில்லை பற்றிச் சந்தேகமே இல்லை. சிவப்பு வட்ட வில்லையை நானே கழற்றிப் பொட்டலத்தில் போட்டேன். பச்சை வில்லை அவன் கழுத்திலேயே போயிற்று. எண்ணும் பெயரும் சரி.

மேட்ரனிடம் காட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டு, "அலுவலகம் பதில் எழுதட்டுமா?" என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன்.

10 செப்டம்பர், திங்கள்

நாலாம் படுக்கையின் அம்மாவுக்குக் காலையிலேயே எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு, புறாக்களைப் பற்றி அவன் சொன்னதை நினைவிலிருந்த வரை எல்லாம் எழுதினேன். நீலக் கழுத்துள்ள ஒன்று எப்போதும் கடைசியாகத்தான் வரும், அது வந்ததா என்று கேட்டான்.

மற்றதை இரவு வரை எழுத முடியவில்லை. தழும்பு எனக்கு நினைவில்லை என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நினைவிருக்கிறது. நாடி பார்க்கிற இடம் அது. கட்டை விரல் அகலத்துக்கு வழவழவென்று, இஸ்திரிப் பெட்டியின் முனை மாதிரியே கூம்பி இருந்தது. நாடி குறையக் குறைய விரலை அதன்மேல் வைத்து அழுத்தித் தேடினேன். ஒன்பதரை மணியிலிருந்து பதினொன்றே கால் வரை அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே எழுதினேன். புறா என்னுடைய பிழை, அவன் கேட்டது கடிகாரத்தை. தழும்பைப் பார்த்தேன். அவன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காதருகே பிடித்தேன், அவன் கேட்டான். பொட்டலம் வரும்போது அந்தக் கடிகாரமும் அதில் இருக்கும்.

விளக்கை அணைக்கச் சொல்லி ஆர்டர்லி வந்தான். தெளிந்த வானம், விமானம் வரக்கூடிய இரவு. உறையை ஒட்டி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

21 செப்டம்பர், வெள்ளி

நேற்று மெனின் சாலைத் தாக்குதல். பதினெட்டும் நிரம்பி, தரையிலும் ஸ்ட்ரெச்சர்கள்.

புதிய குறிப்பேடு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஒருவன் பேசும்போதே அவன் பக்கத்தில் நின்று எழுதுகிறேன், பிறகு எழுதுவதில்லை. கையையும் பார்த்து வைக்கிறேன்.

3: வலது சுண்டுவிரல் நகம் இல்லை. தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்ததா என்று கேட்டான்.

9: விரல்களில் நிலக்கரி ஊறிய நீலக் கோடுகள். தேநீரில் சர்க்கரை கூடுதலாக.

11: இடது கையால் எழுதுகிறவன். பேசவில்லை. தண்ணீர் கொடுத்தபோது என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டான், இன்னும் விடவில்லை. இதை வலது கையால் எழுதுகிறேன்.