பெரிய குழு முன்பதிவு: தொலைபேசியில் பேச வேண்டியவை

15 பேர் அல்லது அதற்கு மேல் வருகிற எல்லாக் குழுக்களுக்கும் இதைப் பயன்படுத்துங்கள். அதற்குக் குறைவென்றால் வழக்கமான டேபிள் புக்கிங் போதும். கீழே இருப்பது ஒரு முழு அழைப்பு. அழைப்பு வருவது திங்கட்கிழமை காலை. கேட்பது அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு, 28 பேர், அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. வேறு அழைப்பு வந்தால் நாளும் எண்ணும்தான் மாறும், பேசும் வரிசை மாறக் கூடாது.

வரிகள் எழுத்துநடையில் இருக்கின்றன. நீங்கள் பேசும்போது உங்கள் வாயில் எப்படி வருமோ அப்படிச் சொல்லுங்கள். கையில் முன்பதிவு நோட்டும் பேனாவும் இல்லாமல் போனை எடுக்காதீர்கள்.

தொடக்கம்

நீங்கள்: வணக்கம், முன்பதிவுப் பிரிவு. சொல்லுங்கள்.

அழைப்பவர்: அடுத்த வாரம் சனிக்கிழமை ராத்திரி ஒரு இருபத்தஞ்சு முப்பது பேர் வருவோம். இடம் இருக்குமா?

நீங்கள்: பார்த்துச் சொல்கிறேன் சார். அதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். என்ன விசேஷம்? குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அழைப்பவர்: ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஃபேர்வெல். குழந்தைங்க மூணு பேர் இருக்கலாம்.

நீங்கள்: சரி சார். குழந்தைகளையும் சேர்த்து இப்போதைக்கு 28 என்று எழுதிக்கொள்ளட்டுமா? பிறகு மாற்றலாம், எப்போது வரை என்று சொல்கிறேன்.

"இருபத்தஞ்சு முப்பது" என்பதை அப்படியே எழுதிவைக்காதீர்கள். ஓர் எண்ணை நீங்களே சொல்லி, அவரைச் சரி என்று சொல்ல வையுங்கள். டேபிள் சேர்ப்பதும், மளிகை வாங்குவதும், முன்பணக் கணக்கும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. தவழும் குழந்தைக்கும் ஒரு நாற்காலியின் இடம் வேண்டும்.

இடம் இருந்தால்:

நீங்கள்: சனிக்கிழமை இரவு 7 மணியிலிருந்து 10 மணி வரை 28 பேருக்கு இடம் இருக்கிறது சார். உங்கள் பெயரில் நாளை மாலை 6 மணி வரை பிடித்துவைக்கிறேன். முன்பணம் வந்ததும் உறுதியாகிவிடும்.

இல்லையென்றால் "இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "சனிக்கிழமை இரவு நிறைந்துவிட்டது சார். அன்றைக்கே மதியம் இருக்கிறது, ஞாயிறு இரவும் இருக்கிறது. எது தோதுப்படும்?" என்று கேளுங்கள்.

வரும் நேரம்

மெனுவுக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். பெரிய குழுக்களில் குழப்பம் பெரும்பாலும் நேரத்தில்தான் வருகிறது. "ஏழரைக்கு வருவோம்" என்கிறவர் முதல் ஆள் வருவதைச் சொல்கிறாரா, எல்லோரும் உட்காருவதைச் சொல்கிறாரா என்று நமக்குத் தெரியாது. அதனால் மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

நீங்கள்: முதலில் வருகிறவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் சார்?

அழைப்பவர்: ஏழு மணி.

நீங்கள்: எல்லோரும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அழைப்பவர்: ஒரு ஏழரை ஆயிடும். வேலை முடிச்சு வரணும் இல்லையா.

நீங்கள்: அப்போது 7.45-க்கு முதல் உணவு பரிமாறத் தொடங்குகிறோம். பேச்சு, பரிசு கொடுப்பது ஏதாவது இருக்கிறதா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

அழைப்பவர்: ஆமா, ஒரு பத்து நிமிஷம் பேசுவாங்க.

நீங்கள்: சரி, பேச்சு 7.35-க்கு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு அதைத் தொட்டே வரும். டேபிள் 10 மணி வரை உங்களுடையது. அதற்குப் பிறகு அதே இடத்தில் வேறு வேலை இருக்கிறது, அதனால் 9.45-க்கு பில் கொண்டுவருவோம். பரவாயில்லையா சார்?

10 மணிக்கு எழ வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். விருந்து நடக்கும்போது போய்ச் சொன்னால் விரட்டுவது போல இருக்கும். இப்போது சொன்னால் அது வெறும் தகவல்.

தாமதத்தைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள்:

நீங்கள்: வழியில் நெரிசல் ஏதாவது இருந்தால் ஒரு போன் போடுங்கள் சார், 30 நிமிடம் வரை சமாளித்துவிடுவோம். அதற்கு மேல் போனால் சமைத்துவைத்ததன் பக்குவம் போய்விடும், 10 மணிக்கு முடிப்பதும் கஷ்டம்.

வாடிக்கையாளரிடம் பக்குவம் என்று சொல்லுங்கள், அது போதும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சூடாகப் பரிமாற வேண்டிய உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவிட்டு நெடுநேரம் வைக்கக் கூடாது, கிருமி பெருகும். தொடர்ந்து சூட்டிலேயே வைத்தால் காய்ந்து போகும். சமையலறை உங்களிடம் நேரத்தைத் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான்.

இரண்டாவது ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள். முன்பதிவு செய்தவர் அன்று வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது விருந்தாளியை அழைத்துவரப் போயிருப்பார்.

மெனு

நீங்கள்: 15 பேரோ அதற்கு மேலோ என்றால் செட் மெனுதான் தருகிறோம் சார். மூன்று இருக்கின்றன. முதலாவது முழுக்கச் சைவம். இரண்டாவது சைவமும் அசைவமும் கலந்தது. மூன்றாவது அதே கலவை, வகைகள் மட்டும் கூடுதல். மூன்றையும் விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எல்லோரிடமும் காட்டிவிட்டு அடுத்த வாரம் புதன்கிழமை இரவு 8 மணிக்குள் சொன்னால் போதும்.

அழைப்பவர்: வந்தப்புறம் அவங்கவங்க பார்த்துச் சொல்லிக்கலாமே?

நீங்கள்: 28 பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறாகச் சொன்னால் முதல் தட்டு வந்து ஆறிப்போன பிறகுதான் கடைசித் தட்டு வரும் சார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடத்தானே வருகிறீர்கள். செட் மெனுவிலேயே ஒருவருக்குப் பிடிக்காததை மாற்றித் தருகிறோம், முன்கூட்டிச் சொன்னால் போதும்.

அடுத்து சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்று கேளுங்கள். கலந்த மெனு எடுத்தாலும் இந்தக் கணக்கு வேண்டும். சைவத் தட்டு குறைந்துபோனால் அந்த ஒருவர் அன்றைக்குச் சாப்பிடவே முடியாது.

ஒவ்வாமையைக் கேட்காமல் அழைப்பை முடிக்கவே கூடாது. "அலர்ஜி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள்: வருகிறவர்களில் யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு, எள் இவற்றில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா சார்? உங்களுக்குத் தெரியாவிட்டால் குழுவில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

அழைப்பவர்: ஒரு பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது.

நீங்கள்: சொன்னது நல்லதாகப் போயிற்று சார். சாப்பிட்டால் என்ன ஆகும், மருந்து ஏதாவது கூடவே வைத்திருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருடைய சாப்பாட்டைத் தனிப் பாத்திரத்தில், புது எண்ணெயில் செய்யச் சொல்கிறேன். ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் சமையலறையில் வேர்க்கடலை புழங்குகிறது. துளிகூடப் படாது என்று எங்களால் உறுதி கொடுக்க முடியாது. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், எங்கள் தலைமைச் சமையல்காரரிடம் நேரில் பேச வேண்டுமென்றாலும் ஏற்பாடு செய்கிறேன்.

"பயப்படாதீங்க, ஒன்றும் ஆகாது" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். ஒவ்வாமை உள்ள சிலருக்கு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். சமைத்துவிட்டால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு, வறுத்தாலும் வேர்க்கடலை வேர்க்கடலைதான்.

கேக் வெளியிலிருந்து கொண்டுவருகிறார்களா, சக்கர நாற்காலியில் யாராவது வருகிறார்களா, குழந்தை நாற்காலி எத்தனை என்பவற்றையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்.

முன்பணம்

தயங்காமல் சொல்லுங்கள். இதுவரை பேசியதே அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்லியிருக்கும்.

நீங்கள்: 28 பேருக்கு முதல் மெனுவின் விலையைக் கணக்கிட்டு, அதில் 30 சதவீதம் முன்பணம் சார். தொகையை மெனுவோடு சேர்த்தே அனுப்புகிறேன். இது தனிக் கட்டணம் இல்லை, கடைசி பில்லில் முழுக்கக் கழித்துவிடுவோம்.

அழைப்பவர்: ரத்து பண்ணினா?

நீங்கள்: இந்தச் சனிக்கிழமை இரவுக்குள் சொன்னால் முழுத் தொகையும் திரும்ப வரும். அதற்குப் பிறகு அடுத்த வாரம் புதன் இரவு 8 மணி வரை பாதி வரும். அதைத் தாண்டினால் திரும்பத் தர முடியாது சார், ஏனென்றால் வியாழன் காலை உங்களுக்காகப் பொருள் வாங்கிவிடுவோம். ஆட்கள் எண்ணிக்கையையும் அதே புதன் இரவு வரை மாற்றலாம். அதன் பிறகு குறைந்தால் பில் குறையாது. மூன்று பேர் வரை கூடினால் சமாளித்துக்கொள்வோம்.

"ஏழு நாள் முன்பு, மூன்று நாள் முன்பு" என்று சொல்லாமல் கிழமையைச் சொல்லுங்கள். நாள் கணக்கில் ஒருவர் விருந்து நாளையும் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் சண்டை வரும். பணம் வாங்குவதற்கு முன்பே இந்த மூன்று நிபந்தனைகளையும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அழைப்பவர்: நாங்க வருஷக்கணக்கா வர்றவங்கதானே, எங்களுக்கு எதுக்கு டெபாசிட்?

நீங்கள்: நீங்கள் வருவீர்கள் என்பதில் சந்தேகமே இல்லை சார். ஒரு சனிக்கிழமை இரவில் 28 இருக்கையை ஒதுக்கினால் வேறு யாருக்கும் தர முடியாது, அதனால் எல்லாப் பெரிய குழுக்களுக்கும் இதே முறைதான்.

இதற்கு மேலும் வற்புறுத்தினால் நீங்களாகத் தள்ளுபடி சொல்லாதீர்கள். "மேலாளரிடம் பேசிவிட்டு ஒரு மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, கூப்பிடவும் வேண்டும்.

அழைப்பவர்: இப்பவே கார்டு நம்பர் சொல்லிடறேன், எடுத்துக்குங்க.

நீங்கள்: வேண்டாம் சார், போனில் கார்டு எண் வாங்குவதில்லை. பணம் கட்டும் லிங்க் அனுப்புகிறேன், அதில் கட்டுங்கள். ஓடிபி, பின் எண் எதையும் எங்களிடம் சொல்லாதீர்கள், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

அவர் பாதி எண்களைச் சொல்லிவிட்டாலும் எழுதிக்கொள்ளாதீர்கள். கை பழக்கத்தில் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

திருப்பிச் சொல்வது

நீங்கள்: ஒருமுறை சரிபார்த்துவிடுகிறேன் சார். அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு, 28 பேர், அதில் 3 குழந்தைகள். முதல் ஆட்கள் 7 மணி, எல்லோரும் 7.30, பரிமாறுவது 7.45, முடிப்பது 10 மணி. ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது. முன்பணம் நாளை மாலை 6 மணிக்குள். மெனுவும் கடைசி எண்ணிக்கையும் அடுத்த வாரம் புதன் இரவு 8 மணிக்குள். ஏதாவது விட்டுப்போயிற்றா?

அழைப்பவர்: எல்லாம் சரி.

நீங்கள்: இதையே எழுத்திலும் இப்போது அனுப்புகிறேன். படித்துவிட்டு "சரி" என்று ஒரு பதில் போடுங்கள் சார். நன்றி.

போனை வைத்தவுடன்

பத்து நிமிடத்துக்குள் செய்தி போக வேண்டும். இந்த அழைப்புக்கு அனுப்ப வேண்டியது:

"வணக்கம். அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு 7 முதல் 10 வரை 28 பேருக்கு இடம் பிடித்துவைத்திருக்கிறோம். நாளை மாலை 6 மணிக்குள் முன்பணம் கட்டினால் உறுதியாகும். இந்தச் சனி இரவு வரை ரத்து செய்தால் முழுத் தொகை, அடுத்த வாரம் புதன் இரவு 8 வரை பாதித் தொகை திரும்ப வரும். மெனுத் தேர்வு, கடைசி எண்ணிக்கை: அடுத்த வாரம் புதன் இரவு 8-க்குள். பரிமாறும் நேரம் 7.45. வேர்க்கடலை ஒவ்வாமை ஒருவருக்கு எனக் குறித்துக்கொண்டோம். மெனு, விலை, பணம் கட்டும் லிங்க் அடுத்த செய்தியில்."

சமையலறைக்குத் தனிச் சீட்டு. வேர்க்கடலை விஷயம் முதல் வரியில், சிவப்பு மையில். நாளை மாலை 5 மணிக்கு முன்பணம் வந்ததா என்று பார்த்து, வரவில்லையென்றால் இடத்தை விடுவிப்பதற்கு முன் ஒருமுறை கூப்பிடுங்கள். அடுத்த வாரம் புதன் மாலை 6 மணி வரை மெனு வரவில்லையென்றாலும் அப்படியே. விருந்து அன்று மாலை 4 மணிக்குக் கடைசி அழைப்பு: "இன்று 7 மணிக்கு எதிர்பார்க்கிறோம் சார். எண்ணிக்கையில் மாற்றம் இல்லையே? வேர்க்கடலை ஆகாதவர் எந்தப் பக்கம் உட்காருவார்?" பதிலைப் பரிமாறுகிறவரிடம் நேரில் சொல்லுங்கள், அந்த இருக்கையைக் காட்டியே சொல்லுங்கள்.