ஊசிநூல் தையலகம்: திறப்பு விழா அறிவிப்புப் படத்துக்கான பிராம்ப்ட்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஏற்ற செங்குத்துப் படம், 1080 x 1920. மதுரையில் ஒரு தெருமுனைத் தையல்கடை திறக்கப் போகிறது, அதற்கான அறிவிப்பு. பெரிய பொட்டிக் மாதிரி மினுமினுப்பு வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா ப்ளவுஸ் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தயங்காமல் உள்ளே வரும் கடையாகத் தெரிய வேண்டும்.

பின்னணி முழுக்க அரக்குச் சிவப்புச் சுங்குடித் துணி. புள்ளிகள் அச்சடித்த வட்டங்களாக இருக்கக் கூடாது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்தது போல, சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமான வெள்ளைப் புள்ளிகள். துணியின் ஒரு மூலை மடங்கி, உள்பக்கச் சாயம் தெரியட்டும்.

கீழே, படத்தின் மூன்றில் ஒரு பங்கில், காலால் மிதிக்கும் பழைய கறுப்புத் தையல் மிஷின். அதன் தங்கநிறப் பூவேலை பாதி தேய்ந்திருக்க வேண்டும். சக்கரம் வலது பக்கம். ஊசி இருக்கும் இடத்தை நெருக்கமாகக் காட்ட வேண்டும்: மிஷின் ஊசியின் காது கூர்முனைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், கை ஊசி மாதிரி மேலே அல்ல. தைத்துப் பழகியவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அந்தக் காதில் மஞ்சள் நூல் கோத்திருக்க, பாதி தைத்த பச்சை ப்ளவுஸ் கை ஒன்று ஊசிக்கடியில் கிடக்கட்டும். அருகே சாக்பீஸ் துண்டு, பாபின் இரண்டு, பெரிய கத்தரிக்கோல், கொஞ்சம் ஹூக்குகள். இன்ச் டேப்பில் எண்கள் வேண்டாம், கோடுகள் மட்டும் போதும்.

ஊசியிலிருந்து கிளம்பும் மஞ்சள் நூல் வளைந்து மேலே போய், நடுவில் ஒரு பெரிய செவ்வகமாக ஓடுதையல் போட்டு முடியட்டும். அதன் உள்ளே சந்தன நிறத் துணி, சுத்தமாகக் காலி. படத்தின் பாதி உயரத்துக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் ஆஃபர் முழுவதும் அங்கேதான் வரும். இந்த நான்கு வரியும் நெருக்கடி இல்லாமல் பிடிக்க வேண்டும்:

ஊசிநூல் தையலகம்
ஆகஸ்ட் 30, ஞாயிறு காலை 9 மணிக்குத் திறப்பு
முதல் 50 ப்ளவுஸ்களோடு சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது இலவசம்
ஸ்கூல் யூனிஃபார்ம் 2 செட் தைத்தால் மிச்சத் துணியில் ஒரு பை

இவை இடத்தின் அளவு தெரிவதற்காகச் சொன்னது, படத்தில் எழுத வேண்டாம். தமிழ் எழுத்தைப் படத்திலேயே எழுதவிட்டால் கொம்பும் புள்ளியும் இடம் மாறிவிடுகின்றன. அதனால் எழுத்தே இல்லாமல் வரட்டும், அப்புறம் நாங்களே சேர்த்துக்கொள்கிறோம். மிஷின் மேலும் கம்பெனிப் பெயர் எதுவும் வரக் கூடாது.

வெளிச்சம் காலை ஒன்பது மணி வெயில், இடது பக்க ஜன்னலிலிருந்து சாய்வாக. மனித முகம் வேண்டாம். மஞ்சள் பூசிய, கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண்ணின் கை மட்டும், ஐந்து விரல்களோடு, துணியை லேசாகத் தள்ளிக்கொண்டிருக்கலாம்.