அளவுப் பெட்டியை மட்டமாக நிரப்புங்கள்

அனைவருக்கும் வணக்கம். இன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளும், சித்தாள் வேலைக்கு வந்திருக்கும் அக்கா தங்கைகளும் கொஞ்சம் முன்னால் வந்து நில்லுங்கள். கலவை இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதோ என் காலடியில் இருக்கும் இந்த இரண்டு இரும்புப் பெட்டிகளை எப்படி நிரப்ப வேண்டும், ஏன் அப்படித்தான் நிரப்ப வேண்டும் என்பதே அது.

இன்று நாம் போடப் போவது பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றின் கூரை. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், பன்னிரண்டரை சென்டிமீட்டர் கனம். ஏழரை கன மீட்டர் கான்கிரீட் வேண்டும், அதற்கு ஏறத்தாழ 60 மூட்டை சிமென்ட் செல்லும். ஒரு மூட்டைக்கு ஒரு கலவை என்றால் மாலைக்குள் 60 முறை கலக்க வேண்டும். அந்த அறுபதும் ஒன்றுபோல இருந்தால்தான் அது ஒரே கூரை. கலவைக்குக் கலவை பொருளின் அளவு மாறினால், மேலே பூச்சு பூசிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே பலமான இடமும் பலவீனமான இடமும் அடுத்தடுத்துக் கிடக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகள் உட்காரப் போகும் அறை என்பதால், எந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரியாத கூரையைப் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பெரிய பெட்டியைப் பாருங்கள். உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். பெருக்கினால் 35 லிட்டர் வரும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர் என்பதால்தான் பெட்டியையும் அதே அளவில் செய்திருக்கிறார்கள். சிறிய பெட்டி 35 நீளம், 25 அகலம், 20 உயரம். அது சரியாகப் பாதி, பதினேழரை லிட்டர். நாம் போடும் எம் 20 கான்கிரீட்டுக்குப் பொறியாளர் கொடுத்திருக்கும் விகிதம் 1:1½:3. அதாவது ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி. சிமென்ட்டைப் பெட்டியால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு முழு மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே சிமென்ட்டின் அளவு மாறுவதற்கு வழியில்லை. மாறக் கூடியவை மணலும் ஜல்லியும் தண்ணீரும்தான். முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

பெட்டியைக் கோபுரமாகக் குவித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பெட்டியின் வாய்க்கு மேல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஜல்லி கூம்பி நின்றால், அந்தக் கூம்பில் மட்டும் நாலரை லிட்டருக்கு மேல் இருக்கும். மூன்று பெட்டிக்கு 14 லிட்டர். மணலையும் அதே கையோடு குவித்துப் போட்டால் அதில் ஏறத்தாழ 7 லிட்டர் கூடும். இப்போது மூட்டை ஒன்றுதான், ஆனால் விகிதம் 1:1½:3 இல்லை. 1:1.7:3.4 ஆகிவிட்டது. வரைபடத்தில் ஒன்று எழுதியிருக்க, கூரையில் வேறொன்று ஏறுகிறது. அதை யாரும் முடிவு செய்து செய்யவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

அந்தத் தவறு அங்கேயே நிற்பதும் இல்லை. மணலும் ஜல்லியும் கூடிய கலவை இறுகலாக வரும். மேலே நிற்கும் கொத்தனாரால் அதைப் பரப்ப முடியாது. அவர் குரல் கொடுப்பார், கீழே ஒருவர் அரை வாளித் தண்ணீரைச் சேர்ப்பார். கலவை உடனே இளகி, நன்றாக ஓடும், எல்லோருக்கும் வேலை சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு மூட்டைக்கு 27 லிட்டர் என்று நிர்ணயித்த தண்ணீர் 32, 33 லிட்டர் ஆகிவிட்டால், சிமென்ட் கட்டிப் பிடிப்பதற்குத் தேவைப்படாத அந்தத் தண்ணீர் பின்னர் காய்ந்து வெளியேறும்போது கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்லும். பலம் குறைவது அங்கேதான். கொத்தனார் தண்ணீர் கேட்டதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவரைக் கேட்க வைத்தது குவித்து நிரப்பிய பெட்டி.

ஜல்லி மட்டும் கூடினாலும் கேடுதான். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைக்கச் சாந்து போதாமல், கம்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் தேன்கூடு விழும். வேறொரு கட்டடத்தில் பலகை பிரித்த தூண் ஒன்றின் அடிப்பகுதியைப் பார்த்திருக்கிறேன். விரல் நுழையும் அளவுக்குக் கற்களுக்கு இடையே ஓட்டை இருந்தது, உள்ளே கம்பி அப்படியே தெரிந்தது. கம்பிக்குப் பாதுகாப்பே அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்தான். அதில் ஓட்டை இருந்தால் ஈரமும் காற்றும் உள்ளே போகும். கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்தத் தூணை வெளிப்பக்கம் சாந்து பூசி மறைக்காமல் உடைத்து மறுபடி வார்த்தார்கள். அதுதான் முறை.

குறைத்து நிரப்பினால் நல்லதுதானே, சிமென்ட் கூடுதலாகத்தானே இருக்கும் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். பெட்டி வாயிலிருந்து மூன்று சென்டிமீட்டர் குறைந்தாலே நாலு லிட்டருக்கு மேல் குறைகிறது. கலவையில் சிமென்ட்டின் பங்கு கூடி, காயும்போது சுருக்கம் அதிகமாகி, விரிசல் விழ இடம் கொடுக்கும். 60 மூட்டையில் முடிய வேண்டிய கூரை நடுவழியில் நின்று போனால், மேலும் சிமென்ட் வரும் வரை காத்திருக்க நேர்ந்து, பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் இடையே இணைப்புக் கோடு உண்டாகும். ஆகவே குறைவும் நமக்கு வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒருவர் குவிப்பது போல் இன்னொருவர் குவிக்க முடியாது. காலையில் குவித்தது போல் அவரே மதியம் கை ஓய்ந்த பிறகு குவிக்க மாட்டார். ஆனால் பெட்டியின் வாய் விளிம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், எல்லா நேரத்திலும் ஒன்றுதான். உங்கள் ஊரில் களத்து மேட்டில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலைத் தலை வழித்து அளப்பார்கள். யார் அளந்தாலும், யாருக்கு அளந்தாலும் அளவு மாறக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். இங்கேயும் அதே காரணம். பொறியாளர் இன்றைக்கு 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கலவையை எடுத்து வைப்பார். அவற்றை 7 நாளிலும் 28 நாளிலும் அழுத்திச் சோதிப்பார்கள். ஆனால் அவர் எடுப்பது ஓரிரு கலவைகளிலிருந்து மட்டுமே. எடுக்காத கலவைகளும் அதே போல இருந்தால்தான் அந்தச் சோதனை கூரையைப் பற்றிப் பேசும். அவர் பார்க்கும்போது மட்டமாகவும், பார்க்காதபோது கோபுரமாகவும் நிரப்பினால் சோதனையில் தேறுவது அந்தக் கட்டி மட்டும்தான்.

மணல் ஈரமாக இருக்கும் நாளில் அதிகம் போட வேண்டும் என்று வேறு இடங்களில் வேலை பார்த்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஈர மணலின் துகள்களைச் சுற்றி நீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பதால் மணல் உப்பி நிற்கும், பெட்டி நிறைந்திருந்தாலும் உள்ளே மணல் குறைவாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பரிகாரம் குவிப்பது அல்ல, அளந்து கூட்டுவது. நேற்றிரவு மழை பெய்ததால் இன்று காலை பொறியாளர் சோதித்துப் பார்த்தார். பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரம் நின்ற ஈர மணல், தண்ணீருக்குள் போட்டுக் கிளறியதும் 16 சென்டிமீட்டருக்கு அமர்ந்துவிட்டது. அப்படியானால் நாலில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும். ஒன்றரைப் பெட்டிக்கு மேல் இன்னும் 13 லிட்டர் தேவை. சிறிய பெட்டியின் உள்ளே 15 சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அதுவரை நிரப்பினால் அந்த 13 லிட்டர் வந்துவிடும். ஆகவே இன்று ஒரு கலவைக்கு மணல்: பெரிய பெட்டி ஒன்று, சிறிய பெட்டி ஒன்று முழுதாக, இன்னொன்று சிவப்புக் கோடு வரை. கோட்டிலும் மட்டம் வேண்டும். இந்த மணலிலேயே ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் இருப்பதால், ஊற்றும் தண்ணீரை அதற்கேற்பக் குறைத்திருக்கிறோம். தண்ணீர் அளக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரும் தொட வேண்டாம்.

நிரப்பும் முறையைச் சொல்கிறேன். பெட்டியைச் சமமான பலகைமேல் வையுங்கள். மண்வெட்டியால் அள்ளி, உயரத்திலிருந்து வீசாமல், பெட்டி வாய்க்குக் கிட்டே கொண்டு வந்து சரியுங்கள். காலால் மிதிக்கவோ, கையால் அமுக்கவோ, பெட்டியைத் தட்டி உலுக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் பொருள் இறுகி, விளிம்புக்குள்ளேயே அதிகம் அடங்கிவிடும். வாய்க்குச் சற்று மேலே வந்ததும் மட்டப்பலகையை இரண்டு விளிம்புகளிலும் படும்படி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக வழித்து விடுங்கள். மணலுக்கு இது போதும். ஜல்லியை அப்படி வழிக்க முடியாது, கல் துருத்திக்கொண்டு பலகையைத் தடுக்கும். துருத்தி நிற்கும் கற்களைக் கையால் எடுத்துப் பக்கத்துப் பள்ளத்தில் போட்டு, மேடும் பள்ளமும் ஈடாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பாண்டுச் சட்டியால் கணக்குப் போட்டு இயந்திரத்தில் கொட்டுவது இந்த இடத்தில் கிடையாது. சட்டி சுமப்பதற்கு, பெட்டி அளப்பதற்கு. அதேபோல் பெட்டிக்குள் சாந்து ஒட்டிக் காய்ந்து போக விடாதீர்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் பிடித்துக்கொண்டாலே பெரிய பெட்டியில் ஒன்றரை லிட்டர் கிட்ட குறைந்துவிடும். சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பக்கம் நசுங்கியிருந்தால் என்னிடம் காட்டுங்கள்.

உங்கள் உடம்பையும் நினைத்துத்தான் சொல்கிறேன். மட்டமாக நிரப்பிய ஒரு பெட்டி ஜல்லியே 50 கிலோவுக்கு மேல் எடை. குவித்தால் அதன்மேல் இன்னும் 7 கிலோ ஏறும். எப்போதும் இரண்டு பேர், ஆளுக்கொரு கைப்பிடி, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். கை ஓய்ந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆளை மாற்றி விடுகிறேன். வேகம் குறைகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், போர்மேன் வழித்துத்தான் போடச் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். எத்தனை பெட்டி போட்டோம் என்பதில் சந்தேகம் வந்தால், ஊகித்து ஒன்று கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் இயந்திரத்தை நிறுத்தி என்னைக் கூப்பிடுங்கள்.

இப்போது தம்பிகள் இருவர் ஜல்லிக் குவியலுக்கும், இருவர் மணல் குவியலுக்கும் செல்லுங்கள். அக்கா, நீங்கள் மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு மணல் பெட்டியருகே நில்லுங்கள். ஒவ்வொரு பெட்டி கொட்டியதும் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டியது உங்கள் பொறுப்பு. முதல் கலவைக்கான பெட்டிகளை நிரப்பி வழித்துவிட்டு, கொட்டாமல் அப்படியே வையுங்கள். நான் வந்து பார்த்த பிறகு இயந்திரத்தை ஓட விடலாம்.