ஜனவரி மாத இருப்பு எண்ணிக்கை தொடர்பான ஒழுங்கு விசாரணை: முடிவும் மேல்முறையீட்டு உரிமையும்

தேதி: 14 மார்ச் 2025
பெறுநர்: செல்வம், உதிரிபாகக் கிடங்குப் பொறுப்பாளர்
நேரில் கொடுக்கப்படுகிறது. நகல் மின்னஞ்சலிலும் வரும். இது உங்களுக்கு மட்டுமான கடிதம்.

அன்புள்ள செல்வம்,

மார்ச் 11 அன்று நடந்த விசாரணைக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதையும், அதற்கு முன் எழுத்தில் கொடுத்த விளக்கத்தையும், விசாரணை அதிகாரியின் அறிக்கையையும் முழுதாகப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு மேலாக வேலைக்கு வராமல் காத்திருக்கிறீர்கள், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை போகவில்லை. உங்கள் மீது வைக்கப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு நிரூபணமாகியிருக்கின்றன, ஒன்று நிரூபணமாகவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் பதவியிலிருந்து மூத்த கிடங்கு உதவியாளர் பதவிக்கு இறக்கப்படுகிறீர்கள். அதோடு 12 மாதங்களுக்கு இறுதி எழுத்து எச்சரிக்கையும் உண்டு. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கடைசி நாள் மார்ச் 28.

பிப்ரவரி 24 குறிப்பாணையில் இருந்த குற்றச்சாட்டுகள் இவை. முதலாவது, ஜனவரி 31 மாத இறுதி இருப்பை எண்ணாமலே எண்ணியதாகத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டது. இரண்டாவது, இரண்டாம் எண்ணிக்கையாளராக நின்று எண்ணாத இளநிலை உதவியாளரை, எண்ணியதாகக் கையெழுத்துப் போட வைத்தது. மூன்றாவது, கணக்கில் குறைந்த நான்கு செம்புக் கம்பிச் சுருள்களை வெளியே கொண்டு போனது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்களை அதிகம் வாட்டியது அதுதான் என்று கூட்டத்தில் தெரிந்தது. நீங்கள் எடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் கூண்டின் சாவி நான்கு பேரிடம் புழங்கியிருக்கிறது, சாவிப் பதிவேட்டில் ஜனவரி முழுக்கப் பாதி நாட்களுக்கு எழுத்தே இல்லை. வாயில் கேமராவிலோ வெளியே போகும் பொருட்களுக்கான அனுமதிச் சீட்டுகளிலோ உங்களைச் சுட்டுவதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சுருள்கள் எப்போது குறைந்தன என்பதையே யாராலும் சொல்ல முடியவில்லை. பொறுப்பாளர் நீங்கள், பொருள் குறைகிறது, ஆகவே நீங்கள்தான் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. சந்தேகத்தின் பலனை உங்களுக்குக் கொடுத்து விட்டுவிட்டதாக இதை நினைக்க வேண்டாம், உங்கள் மீது சந்தேகம் கொள்ளவே அடிப்படை இல்லை என்பதுதான் என் முடிவு. இந்தக் குற்றச்சாட்டு உங்கள் பணிக்கோப்பில் இருக்காது. உங்களைப் பற்றி வெளியிலிருந்து யாராவது விசாரித்தாலும் எங்கள் பதிலில் இது வராது.

சரி, முதல் குற்றச்சாட்டு. காலையிலிருந்தே துண்டு துண்டாக எண்ணியதாகவும், தாளில் குறித்து வைத்து மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றியதாகவும் சொன்னீர்கள். 212 பொருட்களின் எண்ணிக்கையும் மாலை 5:21 முதல் 5:48 வரையிலான 27 நிமிடங்களில் ஏற்றப்பட்டிருப்பதை மட்டும் வைத்து உங்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. தாள் தயாராக இருந்தால் அந்த வேகத்தில் ஏற்ற முடியும் என்று நீங்கள் சொன்னது சரியே. ஆனால் 212 பொருட்களிலும் நீங்கள் எழுதிய எண், கணினியில் ஏற்கனவே இருந்த எண்ணோடு ஒன்றுகூட விடாமல் அப்படியே பொருந்துகிறது. பிப்ரவரி 6 அன்று தணிக்கைக் குழு எண்ணியபோது 19 பொருட்களில் வித்தியாசம் வந்தது.

இடைப்பட்ட நாட்களில் பொருட்கள் போய் வந்திருக்கலாம் என்றீர்கள். அதனால் அந்த 19ஐயும் வழங்கல் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். 12 பொருட்களில் குறைவு எப்போது ஏற்பட்டது என்று தெரியவில்லை, செம்புச் சுருள்களும் அதில் சேரும். அந்த 12ஐயும் உங்களுக்கு எதிராக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மீதி 7 அப்படி இல்லை. ஒரு பேரிங் வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 17 அன்று 12 பேரிங்குகள் பராமரிப்புப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன, சீட்டில் பெற்றவரின் கையெழுத்தும் இருக்கிறது, ஆனால் அந்தச் சீட்டு கணினியில் ஏறாமல் தட்டிலேயே கிடந்திருக்கிறது. ஆகவே கணினி 48 என்று காட்டியது, அலமாரியில் இருந்தது 36. அதன் பிறகு அந்தப் பேரிங் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ஜனவரி 31 அன்று யார் எண்ணியிருந்தாலும் 36 என்றுதான் வந்திருக்கும். உங்கள் தாளில் 48 என்று இருக்கிறது. மற்ற ஆறிலும் இதே கதைதான். ஒன்றில் கைத்தவறு நடந்திருக்கலாம், ஆனால் ஏழிலும் தவறாக எண்ணி, அந்தத் தவறு ஒவ்வொரு முறையும் கணினி எண்ணிலேயே போய் நிற்பது நடக்காத காரியம். எல்லாவற்றையும் எண்ணாமல் விட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. குறைந்தது இந்த ஏழையாவது எண்ணவில்லை, கணினியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், பிறகு முழுத் தாளிலும் எண்ணியதாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்பது என் முடிவு.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நடைவழிகளில் அதிகம் காணப்படவில்லை என்று அறிக்கையில் இருந்தது. பின் நடைவழிகள் கேமராவில் விழுவதில்லை என்று நீங்கள் சொன்னதை நேரில் போய்ப் பார்த்தேன், உண்மைதான். அதனால் அந்தப் பகுதியை அறவே ஒதுக்கிவிட்டேன்.

எல்லாக் கிடங்கிலும் இப்படித்தான் நடக்கிறது, என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்றும் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மற்ற மூன்று கிடங்குகளின் ஜனவரித் தாள்களையும் வரவழைத்துப் பார்த்தேன். மூன்றிலும் வித்தியாசங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, இரண்டாம் எண்ணிக்கை முதல் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாத இடங்களில் மறுபடி எண்ணிய குறிப்பும் இருக்கிறது. அப்படி ஒரு பழக்கம் பரவலாக இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை எது என்பதில் பெரிய தகராறு இல்லை. அன்று மாலை 5:52க்கு நீங்கள் அனுப்பிய செய்தி, "ஷீட்ல உன் இடத்துல கையெழுத்து போட்டுக் குடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்பது. அனுப்பியதை ஒப்புக்கொண்டீர்கள். அது கட்டளை இல்லை, கேட்டுக்கொண்டதுதான், அவர் மறுத்திருக்கலாம் என்பது உங்கள் வாதம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் தகுதிகாண் காலத்தில் இருந்தவர், அவரை நிரந்தரமாக்கலாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அப்படி ஒருவரிடம் இருந்து வரும் வேண்டுகோளை மறுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இரண்டாவது ஆளை வைப்பதே, முதல் ஆளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் தனியாக எண்ணித் தவறைப் பிடிக்கத்தான். அந்தக் கையெழுத்து பொய்யானால் முழு முறையும் போகிறது. அதைவிட, வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர் பொய்க் கணக்கில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. உண்மையைச் சொன்னால் நீங்கள், சொல்லாவிட்டால் தணிக்கை என்று இரண்டு பக்கமும் பயந்ததாக அவர் சொன்னார். எண்ணாமல் விட்டதைவிட இது கனமானது என்று நான் கருதுகிறேன்.

அவருடைய வாக்குமூலத்தை உங்களுக்குக் காட்டும் முன்பே அவரிடம் பேசி முடித்துவிட்டார்கள், அது முறையில்லை என்ற உங்கள் ஆட்சேபத்தையும் பார்த்தேன். சாட்சிகளிடம் தனித்தனியாகப் பேசுவது வழக்கம்தான். வாக்குமூலத்தின் முழு நகல் கூட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன் உங்கள் கைக்கு வந்தது, கூட்டத்தில் அவரிடம் நீங்களும் உங்களோடு வந்த சக ஊழியரும் கேள்விகள் கேட்டீர்கள். அதனால் உங்கள் தரப்பு பாதிக்கப்பட்டதாக நான் நினைக்கவில்லை.

இனி தண்டனை. பதிவேட்டைப் பொய்யாக எழுதுவது நம் ஒழுங்கு விதிகளில் கடுமையான ஒழுங்கீனம், பணிநீக்கம் வரை போகக்கூடியது. அதை நான் யோசிக்காமல் இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. 11 வருடப் பணியில் உங்கள் மீது ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஜனவரி கடைசி வாரத்தில் உங்கள் ஆட்கள் இருவர் விடுப்பில் இருந்தார்கள், ஆள் கொடுங்கள் அல்லது எண்ணிக்கையைத் தள்ளிவையுங்கள் என்று உங்கள் மேலாளருக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் பதில் வரவில்லை. அந்த மின்னஞ்சல்கள் என் முன்னால் இருக்கின்றன, பதில் வராததைத் தனியாக விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இதனால் உங்களுக்கு எந்த லாபமும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஆள் போதவில்லை என்றால் "எண்ண முடியவில்லை" என்று தாளில் எழுதியிருக்கலாம். அதற்கு யாரும் உங்களைத் தண்டித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே: ஏப்ரல் 1 முதல் நீங்கள் மூத்த கிடங்கு உதவியாளர், ஊதியமும் அந்த நிலைக்கு உரியது. இறுதி எச்சரிக்கை இன்றிலிருந்து 13 மார்ச் 2026 வரை கோப்பில் இருக்கும், அதற்குள் இன்னொரு ஒழுங்கீனம் நிரூபணமானால் பணிநீக்கம் நேரலாம். அந்தக் காலம் முடியும்வரை இருப்புத் தாள்களில் பொறுப்புக் கையெழுத்து உங்களுடையதாக இருக்காது. அதன் பிறகு பொறுப்பாளர் பதவி காலியானால் மற்றவர்களைப் போல நீங்களும் விண்ணப்பிக்கலாம், இந்த எச்சரிக்கை அதற்குக் குறுக்கே நிற்காது. பிப்ரவரி 10 முதல் இன்றுவரையிலான இடைநீக்க நாட்கள் முழு ஊதியத்துடன் பணிக்காலமாகவே கணக்கிடப்படும். குறைந்த பொருட்களுக்காக உங்களிடமிருந்து ஒரு காசும் பிடிக்கப்படாது. இடைநீக்கம் இன்றோடு முடிகிறது, திங்கள் மார்ச் 17 காலை வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வாருங்கள். மாத இறுதி வரை பிரதான கிடங்கில் இருப்பீர்கள்.

அந்த இளநிலை உதவியாளர் இனி வேறு பொறுப்பாளரின் கீழ் வேலை செய்வார். இந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் நேரடியாகவோ வேறு யார் வழியாகவோ பேசக் கூடாது. சாட்சி சொன்னதற்காக அவருக்கு யார் தொல்லை கொடுத்தாலும் அது புதிய ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளப்படும். அதே போல, உங்களைத் திருடன் என்று யாராவது பேசினால் என்னிடம் வந்து சொல்லுங்கள், அதையும் விடமாட்டேன்.

மேல்முறையீடு உங்கள் உரிமை. அதைப் பயன்படுத்தினால் உங்களைப் பற்றி யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. முடிவு தவறு, விசாரணை நடந்த விதம் தவறு, தண்டனை அதிகம், புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது, இவற்றில் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். பத்து வேலை நாட்கள் உண்டு, அதாவது மார்ச் 28 வெள்ளி மாலை 5 மணிக்குள் பொது மேலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் கொடுத்தாலும் போதும், வாங்கிய தேதியோடு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணங்களை விரிவாக எழுத நேரம் வேண்டுமென்றால், மேல்முறையீடு செய்கிறேன் என்பதை மட்டும் முதலில் அந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள், விவரத்துக்கு இன்னும் ஐந்து வேலை நாட்கள் கிடைக்கும். பொது மேலாளர் இந்த விசாரணையின் எந்தக் கட்டத்திலும் இல்லாதவர். மனு கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். சக ஊழியர் ஒருவரையோ சங்கப் பிரதிநிதியையோ அழைத்து வரலாம். கூட்டம் முடிந்த ஐந்து வேலை நாட்களில் பதில் எழுத்தில் வரும். தண்டனையை அவர் குறைக்கலாம், நீக்கலாம், அப்படியே வைக்கலாம், ஆனால் கூட்ட முடியாது. அதுவரை பொறுப்பாளர் பதவியில் வேறு யாரையும் நிரந்தரமாக நியமிக்க மாட்டோம். நிறுவனத்துக்குள் அவர் முடிவே இறுதி, சட்டப்படி உங்களுக்குள்ள மற்ற வழிகளை அது அடைக்காது.

நான் குறிப்பிட்ட ஏழு பொருட்களின் சீட்டுகள், இரண்டு எண்ணிக்கைத் தாள்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் இதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. வேறு ஆவணம் தேவைப்பட்டால் மனிதவளப் பிரிவில் கேளுங்கள், இரண்டு வேலை நாட்களில் கிடைக்கும். கடிதத்தில் ஏதாவது புரியாவிட்டால் என்னை நேரில் வந்து பார்க்கலாம். கீழே நீங்கள் போடும் கையெழுத்து கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டுமே, முடிவை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இப்படிக்கு,
செயல்பாட்டு மேலாளர்
(முடிவெடுக்கும் அதிகாரி)

நகல்: மனிதவளப் பிரிவு, பணிக்கோப்பு