பொருள்: காலமான என் அப்பாவின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றுவதும், அவருடைய பழைய கணக்கை நீக்குவதும்

தஞ்சாவூர்
3 மார்ச் 2025

ஃபேஸ்புக் உதவிப் பிரிவினருக்கு,

வணக்கம். என் அப்பா சு. முருகேசன் 9 பிப்ரவரி 2025 அன்று தஞ்சாவூரில் காலமானார். நான் அவருடைய ஒரே மகள். அவருக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இரண்டின் இணைப்புகளையும் படிவத்தில் கொடுத்திருக்கிறேன்.

முதல் கணக்கு 'முருகேசன் வாத்தியார்' என்ற பெயரில் இருப்பது. இதை நீக்க வேண்டாம், நினைவுக் கணக்காக மாற்றித் தாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் இதில் ஒரு கணக்குப் புதிர் போடுவார். பழைய மாணவர்கள் கீழே விடை எழுதுவார்கள். தப்பாகப் போட்டவருக்கும் 'வழி சரி, கடைசி வரியை மறுபடி பார்' என்று பதில் எழுதியிருப்பார். அம்மா இப்போதும் தினம் அதைத்தான் எடுத்துப் படிக்கிறார். இறப்புச் சான்றிதழில் இருப்பது 'சு. முருகேசன்' என்பதால் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டாம். நாளிதழில் வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. கணக்கில் உள்ள முகப்புப் படம்தான் அதிலும் வந்திருக்கிறது.

மார்ச் 21 அவருடைய பிறந்தநாள். அதற்குள் மாற்றிக் கொடுத்தால் பெரிய உதவி. விஷயம் தெரியாத மாணவர்களுக்கு நினைவூட்டல் போய், 'நூறாண்டு வாழ்க ஐயா' என்று எழுதிவிட்டால் அம்மா தாங்க மாட்டார்.

கணக்கைப் பார்த்துக்கொள்ள அப்பா யாரையும் நியமிக்கவில்லை. அதனால் மாற்றிய பிறகு படத்தையோ பதிவையோ எங்களால் தொட முடியாது என்பது தெரியும், சம்மதம்தான். கடவுச்சொல் எங்களுக்கு வேண்டாம். அவருக்கு வந்த தனிச் செய்திகளையும் கேட்கவில்லை. பள்ளி முன்னாள் மாணவர் பக்கத்துக்கு என் தம்பியும் நிர்வாகி, எனவே அப்பாவின் கணக்கு மாறுவதால் அந்தப் பக்கம் நின்றுபோகாது.

இரண்டாவது, 'முருகேசன் சு' என்ற கணக்கு. இதை முழுமையாக நீக்கிவிடுங்கள். அப்பா பல வருடங்களாக அதைத் திறக்கவே இல்லை. அதில் உள்ள கைபேசி எண்ணை எப்போதோ விட்டுவிட்டார். விட்ட எண்ணை நிறுவனங்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். அந்த எண் கையில் இருப்பவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு, அப்பா பெயரில் யாரிடமாவது பணம் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இணைத்துள்ளவை: தஞ்சாவூர் மாநகராட்சி வழங்கிய இறப்புச் சான்றிதழ் (தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளது), அப்பாவின் பெயர் உள்ள என் பிறப்புச் சான்றிதழ், அஞ்சலி விளம்பரத்தின் படம், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த இருவரின் ஆதார் நகல்கள். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். தேவை என்றால் கையில் கிடைத்ததும் அனுப்புகிறேன்.

ஆவணம் ஏதாவது தெளிவாக இல்லை என்றால் எது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், உடனே வேறு நகல் அனுப்புகிறேன். முதல் கணக்கைத் தவறியும் நீக்கிவிட வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. தேன்மொழி
(சு. முருகேசனின் மகள்)